சத்தம் பிந்தி வருகிறதா? டிலே செட்டிங்கைத் தொடுவதற்கு முன் இருக்கிற வழிகளை ஒப்பிட்டுப் பாருங்கள்

டிவியில் ஆள் வாயை மூடிய பிறகு வசனம் வருகிறது என்றால் பெரும்பாலோர் முதலில் தேடுவது ஆடியோ டிலே செட்டிங்கைத்தான். நானும் வருஷக்கணக்காக அதைத்தான் தேடியிருக்கிறேன். அந்தப் பெயரைக் கொஞ்சம் நின்று படித்தால் விஷயம் புரிந்துவிடும். டிலே என்றால் தாமதம். சவுண்ட்பார் ரிமோட்டில் இருக்கிற அந்த பட்டனுக்குச் சத்தத்தைப் பின்னால் தள்ள மட்டும்தான் தெரியும். 0 என்பதில் தொடங்கி 100, 200 என்று ஏறிக்கொண்டே போகும், பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது. ஏற்கெனவே பிந்தி வரும் சத்தத்தை அதை வைத்து முன்னால் இழுக்க முடியாது, அழுத்த அழுத்த இன்னும் பிந்தும்.

அப்படியானால் அந்த செட்டிங்கை ஏன் வைத்தார்கள்? பழைய குழாய் டிவி இருந்த காலத்தில் சிக்னல் வந்த கணமே படம் திரையில் விழுந்துவிடும். எல்சிடி வந்த பிறகு, வரும் படத்தைப் பெரிதாக்கி, கூர்மையாக்கி, அசைவை மென்மையாக்கி, அப்புறம்தான் திரையில் காட்டினார்கள். அதற்குள் ஒயர் வழியாக ஆம்பிளிஃபயருக்குப் போன சத்தம் முந்திக்கொண்டது. சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைத்தால் படம் வந்து சேர்ந்துவிடும் என்பதற்காகத்தான் டிலே வந்தது. 2006-ல் வந்த எச்டிஎம்ஐ 1.3-ல் சேர்த்த தானியங்கி உதட்டசைவுத் திருத்தமும் இதே கணக்குதான்: படத்துக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று டிவி சொல்லும், சத்தத்தை அனுப்பும் கருவி அவ்வளவு நேரம் காத்திருக்கும். எல்லாமே சத்தம் முந்துகிற பிரச்சினைக்கான மருந்து. இன்று வீடுகளில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். ஸ்ட்ரீமிங் ஸ்டிக், டிவி, ப்ளூடூத் சவுண்ட்பார் என்று மூன்று கருவிகளைத் தாண்டி வருவதற்குள் சத்தம் களைத்துப்போய்ப் பின்னால் வருகிறது, அதற்கும் நாம் அதே பழைய மருந்தையே கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

திருச்சியில் அக்கா வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறேன். கையில் இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாக அளந்து ஒப்பிட அங்கேதான் வாய்ப்புக் கிடைத்தது. டிவியைச் சுவரில் மாட்டி ஒயர்களைச் சுவருக்குள்ளேயே மறைத்துவிட்டார்கள். அப்போது சவுண்ட்பாருக்கு எச்டிஎம்ஐ ஒயர் இழுக்க யாருக்கும் தோன்றவில்லை. அதனால் சவுண்ட்பார் டிவியோடு ப்ளூடூத்தில் இணைந்திருந்தது. படம் பார்ப்பது டிவியில் இருக்கும் செயலிகளில் இல்லை, பின்னால் செருகிய ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கில். "வாய் முதல்ல மூடிடுதுடா, பேச்சு அப்புறமா வருது" என்றாள் அக்கா. மாமா ஏற்கெனவே சவுண்ட்பார் ரிமோட்டில் டிலேயை 100 வரைக்கும் ஏற்றிப் பார்த்திருந்தார். "ஏத்தினா சரியாகும்னு நினைச்சேன் மாப்ளே, மோசமாயிடுச்சு, திரும்ப எத்தனைல இருந்துச்சுன்னு மறந்துட்டேன்" என்றார். அவர் மேல் தப்பே இல்லை, அந்த பட்டனைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் இரண்டு விஷயத்தைப் பார்த்துவிட வேண்டும். சத்தம் உண்மையிலேயே பிந்துகிறதா, எவ்வளவு பிந்துகிறது என்பது ஒன்று. எந்த இடத்தில் பிந்துகிறது என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்குத் தமிழில் பார்ப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும். வேறு மொழியில் எடுத்த தொடரைத் தமிழ் டப்பிங்கில் பார்த்தால் உதடு எப்படியும் ஒட்டாது, அதை எந்த செட்டிங்கும் சரிசெய்யாது. தமிழிலேயே எடுத்த படங்களிலும் நிறைய வசனம் பின்னால் ஸ்டுடியோவில் பேசிச் சேர்த்ததுதான், அங்கங்கே லேசாக விலகி நிற்கும். ஆகவே படத்தை வைத்துச் சோதிக்காதீர்கள். செய்தி வாசிப்பவர் நேராக கேமராவைப் பார்த்துப் பேசுகிற காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் ப, ம வருகிற சொற்களில் கண்ணை வையுங்கள். இந்த இரண்டு எழுத்துக்கும் உதடு இரண்டும் முழுதாக மூடித் திறக்க வேண்டும். "அப்பா", "அம்மா", "சம்பவம்" மாதிரி ஒரு சொல்லில் உதடு ஒட்டியிருக்கும்போது ப என்றால் சத்தம் அடைபட்டிருக்க வேண்டும், ம என்றால் மூக்கொலி மட்டும் கேட்க வேண்டும். உதடு மூடியிருக்கும்போதே முந்தைய உயிரெழுத்து நீண்டு கேட்டுக்கொண்டிருந்தால் சத்தம் பிந்துகிறது. உதடு திறப்பதற்கு முன்பே அடுத்த எழுத்து கேட்டுவிட்டால் முந்துகிறது. க, ட, த வருகிற சொற்களை வைத்து எதுவும் தெரியாது, அந்த வேலையெல்லாம் வாய்க்குள்ளே நடக்கிறது.

எவ்வளவு என்று தெரிய போன் போதும். ஒரு கணம் திரை மின்னி அதே கணம் பீப் ஒலிக்கிற ஒத்திசைவுச் சோதனை வீடியோக்கள் யூடியூபில் நிறைய இருக்கின்றன. அதை ஓடவிட்டு, சவுண்ட்பாரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று, விநாடிக்கு 60 பிரேம் என்ற அமைப்பில் போனால் படம் பிடியுங்கள். அப்புறம் அதை ஒலி அலை தெரிகிற எடிட்டிங் செயலி ஒன்றில் திறந்து, மின்னல் தெரியும் பிரேமுக்கும் அலை எழும்பும் பிரேமுக்கும் நடுவில் எத்தனை பிரேம் என்று எண்ணுங்கள். ஒரு பிரேம் என்பது ஏறத்தாழ 17 மில்லி விநாடி. போனே தன் பங்குக்குக் கொஞ்சம் விலக்கம் சேர்க்கும் என்பதால், அதே ஒரு மீட்டரில் ஒருவரைக் கைதட்டச் சொல்லி அதையும் படம் பிடித்து எண்ணிக்கொள்ளுங்கள். என் போனில் கைதட்டலே ஒரு பிரேம் பிந்தித்தான் பதிவானது. அதனால் எல்லா அளவிலும் ஒன்றைக் கழித்துக்கொண்டேன். மூன்று முறை எடுத்துப் பார்ப்பது நல்லது, ஒரு பிரேம் இப்படி அப்படி ஆடும்.

அக்கா வீட்டில் முதலில் கிடைத்தது 19 பிரேம். ஒன்றைக் கழித்தால் 18, அதாவது 300 மில்லி விநாடி. இது யார் கண்ணுக்கும் தப்பாது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூ 1998-ல் வெளியிட்ட பிடி.1359 பரிந்துரைப்படி, சத்தம் 45 மில்லி விநாடி முந்தினாலே பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது, பிந்தும்போது 125 வரைக்கும் தெரிவதில்லை. 185-ஐத் தாண்டிப் பிந்தினால் சகிக்க முடியாது என்று கணக்கு. இரண்டு பக்கமும் ஒரே அளவு இல்லாததற்குக் காரணம் நம் அன்றாடப் பழக்கம் என்றுதான் சொல்வார்கள். ஆற்றுத் துறையில் தூரத்தில் ஒருவர் துணியை ஓங்கிக் கல்லில் அடிப்பதைப் பார்த்தால், அடி விழுந்த பிறகுதான் சத்தம் வரும். 34 மீட்டர் தள்ளி நின்றாலே பத்தில் ஒரு விநாடி வித்தியாசம். அதனால் கொஞ்சம் பிந்துவதைக் கண் மன்னிக்கும், முந்துவதை மன்னிக்காது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் ஒரு நிம்மதி உண்டு: பூஜ்யம் வரவேண்டும் என்று உயிரை விட வேண்டியதில்லை, 50-க்குக் கீழே கொண்டுவந்தாலே யாருக்கும் தெரியாது.

எந்த இடத்தில் பிந்துகிறது என்று கண்டுபிடிக்க சவுண்ட்பாரைத் துண்டித்து டிவியின் சொந்த ஸ்பீக்கரில் அதே சோதனையை ஓட்டினேன். 1 பிரேம், கழித்தால் ஒன்றுமில்லை. ஆக ஸ்டிக், செயலி, இணையம் எதிலும் குறை இல்லை, டிவியிலிருந்து சவுண்ட்பாருக்குப் போகும் வழியில்தான் பிரச்சினை. உங்கள் வீட்டில் டிவி ஸ்பீக்கரிலும் பிந்தினால் கதை வேறு. அப்போது வேறொரு செயலியில் பாருங்கள். ஒரு செயலியில் மட்டும் என்றால் அதை முழுதாக மூடித் திறப்பது, அப்டேட் செய்வது, ஸ்டிக்கை மின்சாரத்திலிருந்து கழற்றி மாட்டுவது, இவற்றுக்கு மேல் நம் கையில் அதிகம் இல்லை. ஒரே ஒரு படத்தில் மட்டும் என்றால் அந்தக் கோப்பே அப்படி ஏற்றப்பட்டிருக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். படம் தொடங்கி ஐந்தாவது நிமிடத்தில் இருக்கிற விலக்கமும் முக்கால் மணி நேரம் கழித்து இருக்கிற விலக்கமும் ஒன்றுதானா? ஒன்றுதான் என்றால் கீழே சொல்கிற வழிகள் உதவும். வளர்ந்துகொண்டே போகிறது என்றால் எந்த எண்ணை வைத்தாலும் பத்து நிமிடத்தில் கலைந்துவிடும். அது பெரும்பாலும் கருவி திணறுவதால் வருவது. நிறுத்தி மறுபடி ஓடவிட்டால் தற்காலிகமாகச் சரியாகி, அப்புறம் திரும்ப விலகும், அதை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

இனி வழிகளுக்கு வருவோம். முதல் வழி டிவியிலும் சவுண்ட்பாரிலும் இருக்கிற டிலே செட்டிங். சத்தம் பிந்துகிறவர்களுக்கு இதனால் கிடைக்கக்கூடிய நன்மை ஒன்றே ஒன்று: யாராவது எப்போதாவது ஏற்றி வைத்திருந்தால் அதை இறக்குவது. முன்பு செட்டாப் பாக்ஸில் சத்தம் முந்தியதால் யாரோ 100 வைத்திருப்பார்கள், இப்போது அதே 100 எல்லாவற்றுக்கும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும். டிவியின் ஒலி மெனு, சவுண்ட்பார் ரிமோட், சவுண்ட்பாரின் போன் செயலி என்று மூன்று இடத்திலும் பாருங்கள், மூன்றும் ஒன்றோடொன்று கூடும். எல்ஜி டிவிகளில் `AV Sync Adjustment` என்ற இடத்தில் `Bypass` என்று ஒன்று இருக்கும், சத்தத்தைக் காக்க வைக்காமல் அப்படியே வெளியே விடுவதற்கானது. அக்கா வீட்டில் சவுண்ட்பார் டிலேயை 100-லிருந்து 0-க்கு இறக்கியதும் 19 பிரேம் 13 ஆனது. கழித்துப் பார்த்தால் 200 மில்லி விநாடி. செலவில்லாமல் மூன்றில் ஒரு பங்கு போனது, ஆனால் மிச்சம் இன்னும் சகிக்கும் அளவுக்கு மேலேதான் இருந்தது. இதற்கு மேல் அந்த செட்டிங்கால் ஒன்றும் முடியாது.

இதே இடத்தில் ஒரு எச்சரிக்கை. உதட்டசைவு பொருந்தவில்லை என்று யாரிடம் கேட்டாலும் "டிவியை கேம் மோடில் போடு" என்று ஒரு பதில் வரும். கேம் மோடு படத்தின் மேல் நடக்கும் வேலைகளைக் குறைத்து, படத்தைச் சீக்கிரம் திரைக்குக் கொண்டுவருகிறது. சத்தம் முந்துகிறவர்களுக்கு அது மருந்து. சத்தம் பிந்துகிறவர்களுக்கு விலக்கம் அப்படியே இருக்கும், அல்லது கூடும். அசைவை மென்மையாக்கும் வசதியைப் போட்டுப் படத்தைத் தாமதப்படுத்துகிறவர்களும் உண்டு. சில டிவிகளில் அது கொஞ்சம் வேலை செய்யலாம், ஆனால் சினிமா எல்லாம் மெகா சீரியல் மாதிரி வழவழவென்று தெரிய ஆரம்பிக்கும். எனக்கு அந்த விலை அதிகம்.

இரண்டாவது வழி ப்ளூடூத்தை விடாமல், அதை இணைக்கும் இடத்தை மாற்றுவது. இது பலருக்குத் தெரியாத வழி, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ப்ளூடூத்தில் சத்தத்தைச் சுருக்கி, பொட்டலமாக்கி, காற்றில் அனுப்பி, அந்தப் பக்கம் கொஞ்சம் சேர்த்து வைத்து, விரித்து ஒலிக்க வைப்பதற்குச் சாதாரணமாக 150 முதல் 250 மில்லி விநாடி வரை பிடிக்கும். அப்படியிருக்க, போனில் ப்ளூடூத் ஹெட்போன் மாட்டிப் படம் பார்க்கும்போது மட்டும் எப்படி உதடு ஒட்டுகிறது? சத்தம் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பது போனுக்குத் தெரியும், படத்தை ஓட்டும் செயலி அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கி, படத்தை அவ்வளவு நேரம் பிடித்து வைத்து ஓட்டுகிறது. படத்தை ஓட்டுவதும் ப்ளூடூத்தில் சத்தத்தை அனுப்புவதும் ஒரே கருவி என்பதால் இது நடக்கிறது. அக்கா வீட்டில் அப்படி இல்லை. படத்தை ஓட்டுவது ஸ்டிக், ப்ளூடூத்தில் அனுப்புவது டிவி. தனக்குப் பின்னால் 200 மில்லி விநாடி தாமதம் இருப்பது ஸ்டிக்குக்குத் தெரியவே தெரியாது. டிவியாவது வரும் படத்தை நிறுத்தி வைக்கலாம், சோனி டிவிகளில் ப்ளூடூத்துக்கென்றே `A/V sync` என்று ஒரு செட்டிங் இதற்காக உண்டு, ஆனால் எல்லா டிவியும் அதைச் செய்வதில்லை.

அதனால் சவுண்ட்பாரை டிவியிலிருந்து பிரித்து நேராக ஸ்டிக்கோடு ப்ளூடூத்தில் சேர்த்தேன். யூடியூபில் 5 பிரேம் வந்தது, கழித்தால் 67 மில்லி விநாடி, கண்ணுக்குத் தெரியவில்லை. மாமா தினமும் பார்க்கும் வேறொரு செயலியில் அதே சோதனையைக் கைதட்டும் காட்சி ஒன்றை வைத்துப் பார்த்தால் 10 பிரேம், அதாவது 150. ஒவ்வொரு செயலியும் அந்தக் கணக்கை எவ்வளவு ஒழுங்காகக் கேட்டு நடக்கிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது. சவுண்ட்பார் தன் தாமதத்தைச் சரியாகச் சொல்லாவிட்டாலும் மாறும். இன்னொரு குறை, செட்டாப் பாக்ஸில் சன் டிவி பார்க்க வேண்டுமென்றால் சவுண்ட்பாரை மறுபடி டிவியோடு சேர்க்க வேண்டும். அக்காவுக்கு அது ஒத்துவராது. ஆனால் தனியாக இருக்கிறவர், ஒரே ஸ்டிக்கில் எல்லாவற்றையும் பார்க்கிறவர் என்றால் பைசா செலவில்லாத நல்ல வழி இதுதான்.

மூன்றாவது வழி ஒயர். டிவியில் ஏஆர்சி என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ துளையிலிருந்து சவுண்ட்பாரின் அதே பெயருள்ள துளைக்கு ஒரு ஒயர். சுவரை உடைக்க முடியாது என்று மாமா தயங்கினார். டிவிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் வெள்ளை நிறப் பிளாஸ்டிக் கேசிங் பட்டை ஒட்டி அதற்குள் ஒயரை விட்டோம், அரை மணி நேர வேலை. ஒயர் மாட்டியவுடன் 6 பிரேம், கழித்தால் 83. ப்ளூடூத்தின் 200-க்கு இது எவ்வளவோ மேல், செயலிக்குச் செயலி மாறவும் இல்லை, செட்டாப் பாக்ஸுக்கும் அதுவே.

ஆனால் இதிலும் ஒரு படி உண்டு. டிவியின் ஒலி மெனுவில் டிஜிட்டல் வெளியீட்டு வடிவம் என்று ஒன்று இருக்கும், `Auto`, `Pass Through`, `PCM` என்ற மாதிரித் தேர்வுகளோடு. ஆட்டோவில் இருந்தால் செயலியிலிருந்து வரும் டால்பி ஒலி சுருக்கிய நிலையிலேயே சவுண்ட்பாருக்குப் போகும், அங்கேதான் விரிக்கப்படும். அந்த வேலைக்கு நேரம் பிடிக்கும். சில டிவிகள் ஒரு வடிவத்தில் வந்ததை இன்னொன்றாக மறுபடி சுருக்கியும் அனுப்பும், அது இரட்டை வேலை. `PCM` என்று வைத்தால் விரித்த ஒலி நேராகப் போகிறது, சவுண்ட்பார் அதை வாங்கி ஒலிக்க வைத்தால் போதும். மாற்றியதும் 3 பிரேம், கழித்தால் 33 மில்லி விநாடி. பிரச்சினை முடிந்தது.

இதற்குக் கொடுக்கிற விலை என்ன? சாதாரண ஏஆர்சி வழியாக பிசிஎம் போகும்போது இரண்டு சேனல்தான் போகும். அக்கா வீட்டு சவுண்ட்பார் இரண்டு ஸ்பீக்கரும் ஒரு வூஃபரும் மட்டுமே உள்ளது, அதனால் இழக்க ஒன்றும் இல்லை. உங்களிடம் பின்பக்க ஸ்பீக்கரோடு 5.1 அமைப்பு இருந்தால் இது பெரிய இழப்பு, அப்போது ஆட்டோவிலேயே விட்டு 83-ஐ ஏற்றுக்கொள்வதுதான் சரி, எப்படியும் அது 125-க்கு உள்ளேதான் இருக்கிறது. டிவியும் சவுண்ட்பாரும் இரண்டுமே ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி உள்ளவை என்றால் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையே இல்லை. அதில் பிசிஎம்மில் எட்டு சேனல் வரை போகும், உதட்டசைவுத் திருத்தமும் அதன் விதிமுறையிலேயே கட்டாயம். ஆனால் வெறும் 83-ஐக் குறைப்பதற்காகப் புதிய டிவி வாங்காதீர்கள்.

நான்காவது வழி, படம் ஓட்டும் கருவியே தாமதத்தை அளந்து படத்தைப் பிடித்து வைப்பது. டிலே செட்டிங்குக்கு நேர் எதிர்த் திசையில் வேலை செய்வது இதுதான். ஆப்பிள் டிவியில் `Settings > Video and Audio > Wireless Audio Sync` என்று போனால், ஐபோனைக் கையில் பிடிக்கச் சொல்லும். டிவியிலிருந்து சில ஒலிகள் வரும், அவை எவ்வளவு பிந்தி வந்தன என்று போனின் மைக் கேட்டு அளக்கும், அந்த எண்ணைக் கருவி நினைவில் வைத்துக்கொள்ளும். ஃபயர் டிவியில் ஒலி அமைப்புக்குள் `AV Sync Tuning` என்று ஒன்று இருக்கிறது, அங்கே ஐபோன் தேவையில்லை, திரையில் தெரியும் அசைவும் சத்தமும் ஒன்றுசேரும் வரை நாமே கண்ணால் பார்த்து நகர்த்த வேண்டும். ஒயரே இழுக்க முடியாத வாடகை வீட்டுக்காரர்கள், சவுண்ட்பாரில் ப்ளூடூத் தவிர வேறு வழியே இல்லாதவர்கள், இவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். அளந்தது அந்த ஒரு அமைப்புக்கு மட்டும். சவுண்ட்பாரை மாற்றினாலோ, ப்ளூடூத்திலிருந்து ஒயருக்கு மாறினாலோ, டிவியின் ஒலி வடிவத்தை மாற்றினாலோ பழைய எண் அப்படியே நின்று, இந்தமுறை சத்தத்தை முந்த வைத்துவிடும். முந்துவதை 45-லேயே கண் கண்டுபிடித்துவிடும் என்று மேலே சொன்னேன் இல்லையா, அதனால் இது முன்பைவிட அசிங்கமாகத் தெரியும். அதே டிவியில் இருக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் இது உதவாது. விளையாட்டுகளுக்கும் உதவாது, பட்டனை அழுத்திய பிறகு படத்தைப் பிடித்து வைத்தால் விளையாட முடியாதே.

கடைசியாகச் செயலிக்குள்ளேயே இருக்கும் செட்டிங். நெட்ஃப்ளிக்ஸ், யூடியூப் மாதிரிச் செயலிகளில் ஒலியை நகர்த்தும் வசதி கிடையாது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். நம்மிடம் இருக்கும் கோப்புகளை ஓட்டும் பிளேயர்களில்தான் உண்டு, அவற்றில் மட்டும்தான் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகலாம். விஎல்சியில் கணினியில் பார்க்கும்போது `J` அழுத்தினால் சத்தம் 50 மில்லி விநாடி முன்னால் வரும், `K` அழுத்தினால் அதே அளவு பின்னால் போகும், இது விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும். எம்பிவி பயன்படுத்துகிறவர்கள் தொடங்கும்போதே சொல்லிவிடலாம், 200 மில்லி விநாடி பிந்தினால் இப்படி:

```
mpv --audio-delay=-0.2 padam.mkv
```

கழித்தல் குறியைத் தவறவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் 200 இருந்தது 400 ஆகும். ஒரு குறிப்பிட்ட கோப்பே தப்பாக இருக்கும்போது இதுதான் சரியான இடம், ஏனென்றால் டிவியில் எதையாவது மாற்றினால் மற்ற எல்லாப் படமும் கெட்டுவிடும். ஆனால் ப்ளூடூத் பிரச்சினைக்கு இதைப் பழக்கமாக்கிக்கொண்டால் ஒவ்வொரு படத்துக்கும் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆக என் தீர்ப்பு இது. முதலில் எல்லா டிலேயையும் பூஜ்யத்துக்கு இறக்குங்கள், இதற்குச் செலவும் இல்லை, இதைச் செய்யாமல் வேறு எதை அளந்தாலும் கணக்குத் தப்பும். ஒயர் இழுக்க முடிந்தால் ஒயர், இரண்டு சேனல் சவுண்ட்பார் என்றால் அதோடு பிசிஎம். இழுக்கவே முடியாது என்றால் அளந்து திருத்தும் வசதியுள்ள ஸ்டிக். அதுவும் இல்லை என்றால் ப்ளூடூத்தை டிவியிலிருந்து பிரித்து ஸ்டிக்கோடு சேர்ப்பது. பிளேயர் செட்டிங் தனிப்பட்ட கோப்புகளுக்கு மட்டும்.

ஒயர் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், ராத்திரி மற்றவர்கள் தூங்கிய பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் பார்ப்பார். அவருக்கு ப்ளூடூத் தவிர வழியில்லை. காது மந்தமாக இருப்பவர்கள் நம்மைவிட அதிகமாக உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறார்கள், அதனால் 150 மில்லி விநாடி என்பது அவருக்கு வெறும் உறுத்தல் இல்லை, பாதி வசனம் புரியாமல் போகிறது. அவருடைய ஹெட்போனை டிவியோடு சேர்க்காமல் ஸ்டிக்கோடு சேர்த்து வைத்தோம், அவர் அதிகம் பார்க்கிற யூடியூப் அந்தக் கணக்கை ஒழுங்காகக் கேட்கிறது என்பதால் அது போதுமானதாக இருந்தது. மற்ற செயலிகளுக்குத் தாமதம் குறைந்த ஏபிடிஎக்ஸ் லோ லேட்டன்சி வகை அனுப்பி ஒன்றை டிவியில் செருகலாம் என்று யோசித்தோம், அதில் தாமதம் 40 மில்லி விநாடி அளவுதான். ஆனால் அனுப்பி, ஹெட்போன் இரண்டிலுமே அந்த வசதி இருந்தால்தான் பலன், ஒன்றில் மட்டும் இருந்தால் பழைய முறைக்கே திரும்பிவிடும். அம்மாவின் ஹெட்போனில் அது இல்லை. அது பழுதாகி மாற்றும்போது பார்த்துக்கொள்வோம் என்று விட்டோம்.

மாமாவின் டிலே பட்டன் இப்போது 0-வில் நிற்கிறது, மேலே ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கிறார். ஊருக்குக் கிளம்பும் முன் அவர் பார்த்துக்கொண்டிருந்த தொடரை நிறுத்தி, முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி ஒருமுறை போனால் படம் பிடித்து எண்ணிப் பார்த்தேன். அதே 3 பிரேம்.